முத்திரை இல்லாத வேலை

பதிவு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், முத்திரையக்காவுக்கு ஒரே அறை, இரண்டு மேசை. சுவரோரத்து மேசையில் முத்திரை வேலை. ஜன்னலோரத்து மேசையில் முத்திரை இல்லாத வேலை. இருபத்தாறு வருஷத்தில் ஒருநாள்கூட ஒரு மேசைத் தாள் இன்னொரு மேசைக்குப் போனதில்லை. அந்த ஒழுங்கைப் பற்றி அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு.

முத்திரை வேலை என்றால் பிறப்பு, இறப்பு, கல்யாணச் சான்றிதழ், பத்திரம், தீர்ப்பு. தமிழில் இருப்பதை ஆங்கிலத்தில் ஆக்கி, கடைசியில் "இது மூலத்தின் முழுமையான, உண்மையான மொழிபெயர்ப்பு" என்று எழுதிக் கையெழுத்திட்டு வட்ட முத்திரையைக் குத்துவாள். நீதிமன்றப் பட்டியலில் பெயர் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த முத்திரை. அங்கே அவள் பிசாசு. மூலத்தில் தேநீர் கொட்டியிருந்தால் "இவ்விடம் கறை, படிக்க இயலவில்லை" என்று எழுதுவாள். ஓரத்தில் யாராவது பேனாவால் கிறுக்கியிருந்தால் "வேறு கையெழுத்தில்" என்று குறிப்பாள். ஒரு வக்கீல், "அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் கண்டுக்காதீங்களேன்" என்று நைசாகக் கேட்டதற்கு, அவருடைய காகிதக் கட்டை அப்படியே அவர் கையில் திணித்து மாடிப்படியைக் காட்டியவள். அந்த வக்கீல் இன்றைக்கும் அவளைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய் நடப்பார்.

ஜன்னலோரத்தில் அவளே வேறு ஆள். வேலை கேட்டு விண்ணப்பம், பள்ளிக்கூடத்துக்குக் கடிதம், முக்கியமாகக் கல்யாணக் குறிப்பு. வெளிநாட்டிலேயே பிறந்து வளர்ந்த மாப்பிள்ளைகளுக்குத் தமிழ் காதில் விழும், கண்ணில் ஏறாது. அதனால் பெண் வீட்டார் குறிப்பையும், கூடவே குடும்பத்தைப் பற்றி ஒரு பக்கமும் தமிழில் எழுதி அவளிடம் கொண்டு வருவார்கள். அவள் ஆங்கிலமாக்கிக் கொடுத்ததும் தரகர் போனில் அனுப்பிவிடுவார். இதற்கு முத்திரை கிடையாது. முத்திரை இல்லாததால் அக்காவுக்குக் கை தாராளம். "சட்டென்று கோபம் வரும், உடனே ஆறிவிடும்" என்று வெள்ளந்தியாக ஒரு அப்பா எழுதியிருந்தால், ஆங்கிலத்தில் அந்தப் பெண் மனதில் பட்டதைப் பேசுகிறவள் ஆகிவிடுவாள். "மேல்தளம் இன்னும் கட்டி முடியவில்லை" என்பது வெறும் சொந்த வீடாகிவிடும். யார் கேட்கப் போகிறார்கள்? ஜன்னலுக்கு மேலே நாற்பத்தொரு கல்யாணப் புகைப்படம் ஒட்டியிருந்தது. அத்தனையும் அவள் கைராசி என்று தெருவே சொன்னது.

அவளுடைய படம் மட்டும் அதில் இல்லை. அவளுக்கும் ஒரு காலத்தில் குறிப்பு எழுதினார்கள். அவளுடைய அப்பா பள்ளிக்கூட எழுத்தர். பொய் சொன்னால் நாக்கு தடிக்கும் என்று நம்பியவர். எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில், "பெண்ணுக்கு இடது முழங்கைக்கு மேல் சட்டைப் பொத்தான் அளவில் வெண்புள்ளி ஒன்று உண்டு" என்று அழகான கையெழுத்தில் சேர்த்தார். இருபத்து மூன்று குடும்பம் அந்தக் கடைசி வரி வரைக்கும் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தது. இருபத்து நாலாவது குடும்பத்துக்கு அவளே அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அந்தப் புள்ளி இன்றுவரைக்கும் பொத்தான் அளவைத் தாண்டவில்லை. முழங்கை வரை கை வைத்த ரவிக்கைதான் போடுவாள், வெயில் எரிக்கிற காலத்திலும்.

அப்பா மேல் அவளுக்கு இருந்த கோபம் அவர் செத்த பிறகும் சாகவில்லை. ஜன்னலோரத்து மேசையில் உட்காரும்போதெல்லாம் அந்தக் கடைசி வரியைத்தான் அவள் அழித்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கே தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

பைண்டரும் அவர் சம்சாரமும் படியேறி வந்தது ஒரு காலை நேரம். அச்சகத்தில் நோட்டுகளைத் தைத்து அட்டை போடுகிற மனிதர் அவர். விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து தோல் உரிந்திருக்கும். சம்சாரம் பள்ளிக்கூடத்தில் ஆயா. ஒரே மகள். வீட்டில் பாப்பா என்று கூப்பிடுவார்கள். இருபத்தாறு வயசாகியும் பாப்பாதான். பல் டாக்டரிடம் வரவேற்பில் உட்கார்ந்து பெயர் எழுதுகிற வேலை. தரகர் மூலம் ஒரு வெளிநாட்டு இடம் அமைந்திருந்தது. தாத்தா காலத்திலேயே போய்விட்ட குடும்பம். பையனுடைய அம்மா தட்டுத்தடுமாறித் தமிழ் பேசுவாள், பையனுக்கு அதுவும் பாதிதான். ஆங்கிலத்தில் அனுப்புங்கள், பையனே படிக்கட்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பைண்டர் கோடு போட்ட முழுத்தாளில் இரண்டு பக்கமும் கறுப்பு மையில் எழுதிக் கொண்டு வந்திருந்தார். கடைசியில், இரண்டாம் பக்கத்தின் அடியில், நீல மையில் மூன்று வரி. எழுத்து வேறு. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி அழுத்தி.

"கீழ இருக்கறது நான் எழுதினதுங்க," என்றாள் சம்சாரம். "இவர் எழுதினதுல முன்னப்பின்ன இருந்தாலும் பரவாயில்ல. அதை மட்டும் விட்டுடாதீங்க."

"நான் பாத்துக்கறேன், நீங்க உக்காருங்க," என்றாள் அக்கா.

கணினியில் தட்டத் தொடங்கினாள். உயரம், படிப்பு, வேலை எல்லாம் சுலபம். சொந்தங்கள்தான் பாடாய்ப் படுத்தும். பெரியப்பா, சித்தப்பா, மாமா, அத்தை வீட்டுக்காரர் எல்லாரும் ஆங்கிலத்தில் ஒரே 'அங்கிள்'. அப்படியே விட்டால் பெண்ணுக்கு ஒரே மனிதர் நாலு வேலை பார்ப்பதுபோல் ஆகும். அதனால் அப்பாவின் அண்ணன், அம்மாவின் தம்பி என்று பிரித்துப் பிரித்து எழுதினாள். "அடக்கமான பெண்" என்று பைண்டர் எழுதியிருந்தார். அதை அப்படியே போட்டால் அந்த ஊர்க்காரர்களுக்குப் பெண்ணை யாரோ அடக்கி வைத்திருப்பதாகத் தோன்றும் என்று, அமைதியான சுபாவம் என்று மாற்றினாள். இதெல்லாம் நியாயமான மாற்றம். தொழில் தெரிந்த யாரும் செய்வார்கள்.

பிறகு நீல மைக்கு வந்தாள். அதில் இப்படி இருந்தது: "மகளுக்குப் பத்து வயதிலிருந்து வலிப்பு உண்டு. மாத்திரை போட்டால் வராது, ஒருநாளும் தவறக் கூடாது. குளிக்கும்போது கதவைத் தாழ் போட விடாதீர்கள், வெளியில் ஒருவர் இருங்கள்."

அக்காவின் கை நின்றது. "கடைசியா எப்ப வந்துச்சு?" என்று மெல்லக் கேட்டாள்.

"நாலு வருஷம் ஆச்சு. மாத்திரையை விடறதே இல்ல," என்றார் பைண்டர்.

நாலு வருஷமாக வராததை எதற்கு எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. அப்பாவின் அழகான கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இந்தப் பெண்ணும் இருபத்து மூன்று தாளைத் திரும்ப வாங்க வேண்டுமா? மூன்று வரியையும் விட்டாள். அந்த இடம் மொட்டையாகத் தெரியக் கூடாதென்று, "பெற்றோர் எளிமையானவர்கள், நேர்மைக்குப் பெயர் பெற்ற குடும்பம்" என்று கைச்சரக்கைச் சேர்த்து முடித்தாள்.

அச்செடுத்து வந்த தாளைப் பைண்டர் ஓரம் மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தொழில் புத்தி; நல்ல தாள் என்று தடவிப் பார்த்துச் சொன்னார். சம்சாரம் எட்டிப் பார்த்தாள்.

"நான் எழுதினது எங்க வருது?"

அக்கா விரலை வைத்துக் காட்டினாள். கடைசிப் பத்தி. "இங்க."

அந்தம்மா தன் விரலையும் அதே இடத்தில் வைத்து, தெரியாத எழுத்தின்மேல் இடமிருந்து வலமாக ஒருதரம் ஓட்டிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு, "நிம்மதிங்க" என்றாள். வரியை விட்டதற்காவது அக்காவிடம் ஒரு காரணம் இருந்தது. அந்த விரலுக்கு ஒரு காரணமும் கிடையாது. அது பச்சைப் பொய்.

மறுநாள் மதிய இடைவேளையில் பாப்பா தனியாக வந்தாள். பல் ஆஸ்பத்திரிச் சீருடை, கையில் போன். ஒல்லியான பெண், சிரித்தால் மட்டும் முகம் பெரிதாகும். அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"அக்கா, அப்பாவோட போன்ல பார்த்தேன். அம்மா எழுதினது இதுல இல்லையே."

இந்தப் பெண்ணுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியும் என்பதை அக்கா கணக்கில் வைக்கவில்லை. ஆனாலும் அசரவில்லை. நாற்காலியைக் காட்டினாள்.

"இல்லதான். நான்தான் விட்டேன். உக்காரு. தாள்ல படிச்சா பூதமாத் தெரியும்டி. நேர்ல பார்த்து, நாலு வார்த்தை பேசிப் பழகினப்புறம் உன் வாயால சொன்னா அது ஒரு மாத்திரை சமாச்சாரம், அவ்வளவுதான். சொல்ல வேண்டாம்னா சொல்றேன்? நீயே சொல்லுன்னு சொல்றேன்."

"அம்மாவுக்குத் தெரிஞ்சா..."

"அம்மா நல்லதுக்குத்தான் எழுதினாங்க. எங்கப்பாவும் நல்லதுக்குத்தான் எழுதினார்." ரவிக்கைக் கையை மேலே ஏற்றிப் புள்ளியைக் காட்டினாள். அதுவரைக்கும் யாருக்கும் காட்டியதில்லை. "இதுக்கே என்னைத் திருப்பி விட்டுட்டாங்க."

பாப்பா அந்தப் புள்ளியை வெகுநேரம் பார்த்தாள். "சரிக்கா," என்றாள். "கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிடறேன்." போகும்போது சிரித்தாள்.

சொல்லவில்லை. பையன் வந்தது கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால். எந்நேரமும் சுற்றி ஆட்கள். போனில் பேசினால் அவன் ஆங்கிலம் வேகமாக ஓடும், இவள் ஆங்கிலம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கல்யாணம் நடந்தது. நாற்பத்திரண்டாவது படம் ஜன்னலுக்கு மேலே ஏறியது. பாப்பா மூன்று மாசத்து மாத்திரையை ஒரு சத்து மாத்திரை டப்பாவில் மாற்றிப் போட்டுக்கொண்டு விமானம் ஏறினாள். மாப்பிள்ளைக்குத் தெரியுமா என்று அம்மா கேட்டபோதெல்லாம், தெரியும்மா, கவலைப்படாதே என்று சொன்னாள்.

நாலாவது மாசத்தில் ஒரு நாள் அக்காவின் போனில் செய்தி வந்தது. "அக்கா, இன்னும் சொல்லல. மாத்திரை தீரப் போகுது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டுக்கறேன். இங்க டாக்டர்கிட்ட போகணும்னா அவர்தான் கூட்டிட்டுப் போகணும். அவர் நல்லவர்தான். எப்படி ஆரம்பிக்கறதுன்னுதான் தெரியல. நல்ல இங்கிலீஷ்ல ஒரு பக்கம் எழுதித் தர்றீங்களா? அதைக் குடுத்துட்டு நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

"கட்டாயம். இந்த வாரமே எழுதித் தர்றேன்," என்று அக்கா பதில் போட்டாள்.

அன்றே தொடங்கவும் செய்தாள். "இதை உன்னிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்" என்று ஆரம்பித்து நாலு வரி. ஐந்தாவது வரிக்குள் கீழேயிருந்து ஒரு சொத்து வழக்குக் கட்டு வந்தது. எண்பது பக்கம், வழக்குத் தேதி நெருங்கிவிட்டது, முத்திரை வேலை. முத்திரை வேலை இருக்கும்போது ஜன்னலோரத்தில் உட்காருவதில்லை என்பது அவள் வைத்த சட்டம். செத்துப்போன ஒரு தாத்தாவின் நிலத்துக்கு வடக்கெல்லை எது, தெற்கெல்லை எது என்று ஒரு சொல் பிசகாமல் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் இரண்டானது. இடையில் பாப்பா ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்பினாள். "நாளைக்கு" என்று அக்கா பதில் அனுப்பினாள்.

பத்தொன்பதாம் நாள் ஜெராக்ஸ் கடைக்காரர் படியேறி வந்தார். எப்போதும் கீழேயிருந்தே கத்துகிற மனிதர்.

"அக்கா, நம்ம பைண்டர் பொண்ணு. அந்த ஊர்ல. குளியலறைத் தொட்டியிலயாம்."

சுவரோரத்து நாற்காலியிலிருந்து எழுந்தவள் எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் நின்றாள். பிறகு ஜன்னலோரத்து மேசைக்குப் போய்க் கணினியைத் திறந்து அந்த நாலு வரியைப் பார்த்தாள். மிச்சத்தை எழுத அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

சாவு வீட்டுக்குப் போனாள். எல்லாரையும்போல மூலையில் உட்கார்ந்தாள், எல்லாரையும்போல எழுந்து வந்தாள். வாயைத் திறக்கவில்லை. இந்த நேரத்தில் சொன்னால் அவர்களுக்கு இன்னும் வலிக்கும் என்று தனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டாள். அவளுக்கு எப்போதும் ஏதாவது ஒரு சமாதானம் கிடைத்துவிடும்.

இரண்டு மாசம் கழித்து அவர்களே வந்தார்கள். பைண்டர் கையில் பழைய கோடு போட்ட தாள், உறையில் போட்டுப் பத்திரமாக. கூட அந்த ஊரிலிருந்து வந்த இரண்டு ஆங்கிலத் தாள்கள். சம்சாரம் ஏறின மூச்சு அடங்குகிறவரைக்கும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அந்த ஊர்ல சாவு எப்படி ஆச்சுன்னு விசாரிக்கறாங்கம்மா," என்றார் பைண்டர். ஆங்கிலத் தாளைக் கீழே ஜெராக்ஸ் கடைக்காரரிடம் காட்டி அர்த்தம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். "வியாதி இருக்கறது அந்த வீட்ல யாருக்காவது தெரியுமான்னு கேட்டிருக்காங்க. அவங்க, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பொண்ணு வீட்ல மறைச்சுட்டாங்கன்னு சொல்றாங்க. நாங்களா மறைச்சோம்? இதை அப்படியே இங்கிலீஷ்ல போட்டு முத்திரை குத்திக் குடுங்க. அனுப்பணும்."

"எழுதியிருந்தேனே," என்றாள் சம்சாரம். அக்காவிடம் சொல்வதுபோல் இல்லை. "தாழ் போட விடாதீங்கன்னு எழுதியிருந்தேனே. உள்ள தாழ் போட்டுட்டு இருந்திருக்கா. முக்கால் மணி நேரம் வெளியில டிவி பார்த்துட்டு இருந்திருக்கான். படிச்சவன்தானே? படிச்சும் விட்டுட்டான். அவனை விடக் கூடாதுங்க."

அக்கா தாளை வாங்கிச் சுவரோரத்து மேசையில் வைத்தாள். ஜன்னலோரத்திலிருந்து ஒரு தாள் அந்த மேசைக்கு வந்தது அன்றைக்குத்தான்.

இரண்டு பக்கத்தையும் சொல்லுக்குச் சொல் எழுதினாள். அடக்கமான பெண் இந்தத் தடவை அடக்கமான பெண்ணாகவே இருந்தாள். இரண்டாம் பக்கத்தின் அடிக்கு வந்தாள். சட்டப்படி அங்கே ஒரு குறிப்புப் போட்டாக வேண்டும். போட்டாள்: "பின்வரும் மூன்று வரிகள் வேறு கையெழுத்தில், வேறு மையில்."

எழுதி முடித்ததும் அதை ஒருமுறை படித்தாள். விசாரிக்கிறவர் கையில் ஏற்கனவே அவள் முதலில் எழுதிய ஆங்கிலம் இருக்கும். அதில் இந்த மூன்று வரி கிடையாது. இப்போது இது போனால் என்ன நினைப்பார்? பெண் செத்த பிறகு யாரோ அடியில் வேறு மையில் சேர்த்து எழுதியிருக்கிறார்கள் என்றுதான் நினைப்பார். மறைத்தவர்கள் என்று இப்போது பெயர். இது போனால் பொய் ஆவணம் தயாரித்தவர்கள். அவள் எவ்வளவு உண்மையாக மொழிபெயர்த்தாலும் அந்த உண்மையே அவர்கள் கழுத்தைப் பிடிக்கும். தாளை அனுப்பாமலேயே விட்டால், மறைத்த பழி அவர்கள் சாகும்வரை அவர்கள் தலையில். அதைத் துடைக்க ஒரே ஆள்தான் இருந்தாள், அவள் கையில் முத்திரையோடு உட்கார்ந்திருந்தாள்.

தெரியாததுபோல் முத்திரையைக் குத்திக் கொடுத்து அனுப்பிவிடலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. எதிரில் அந்தம்மா நீல மை வரிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தத் தாள்ல என்னுது அது மட்டும்தாங்க," என்றாள். "எனக்கு எழுத வராது. மூணு நாளா எழுதிப் பார்த்தேன்."

அக்கா இன்னொரு தாளைப் போட்டு ஆங்கிலத்தில் எழுதினாள்: இந்த மூன்று வரியும் முதல் நாளே மூலத்தில் இருந்தது, நான் என் கண்ணால் பார்த்தேன். முதல் ஆங்கிலத் தாளை எழுதியதும் நான்தான். பெற்றோருக்குச் சொல்லாமல் நானாகத்தான் இந்த வரிகளை விட்டேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு இது தெரிய வழியில்லை. இறந்த பெண் என்னிடம் உதவி கேட்ட செய்தியை இத்துடன் இணைத்திருக்கிறேன். பெயர், பட்டியல் எண், கையெழுத்து. முத்திரை. பட்டியலிலிருந்து தன் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அதற்கு அவள் வருந்தியதாகச் சொல்ல முடியாது. வருந்துவதற்கு அதைவிடப் பெரியது எதிரில் உட்கார்ந்திருந்தது.

பிறகு அதைத் தமிழில் சொன்னாள். ஒன்றையும் குறைக்கவில்லை. பாப்பா மதியம் வந்து கேட்டது, தான் சொல்லி அனுப்பியது, பத்தொன்பது நாள், நாலு வரி.

பைண்டர் எழுந்து நின்றார். கையை ஓங்கியது போலத்தான் இருந்தது. ஆனால் கை பக்கத்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டது. "எங்களுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாதுன்னுதானேம்மா," என்றார்.

சம்சாரம் அழவில்லை. "அன்னிக்கு விரல் வெச்சுக் காட்டினீங்களே. அங்க என்ன எழுதியிருந்துச்சு?"

"நேர்மையான குடும்பம்னு."

கீழே ஜெராக்ஸ் மெஷின் ஓடி நின்றது, மறுபடி ஓடியது.

"அந்தப் பையனை நான் என்னென்னவோ சொல்லிட்டேன்," என்றாள் கடைசியில். "போன்ல. கொலைகாரன்னேன். உன் குலம் விளங்காதுன்னேன். தரகர்தான் அவனுக்கு இங்கிலீஷ்ல சொன்னார். அவர் ஒரு வார்த்தை விடல. எல்லாத்தையும் அப்படியே சொன்னார்." சேலைத் தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள், முகத்தில் துடைக்க ஒன்றும் இல்லை. "அவனும் ஒண்ணும் தெரியாமத்தானே வெளியில உக்காந்திருந்திருக்கான்."

"ஆமாம்மா."

"எழுதுங்க."

அக்கா விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். அந்தம்மா ஒவ்வொரு வாக்கியமாகச் சொன்னாள், நீல மையில் எழுதியதுபோலவே, நிறுத்தி நிறுத்தி. "தம்பி, உங்களுக்குத் தெரியாதுன்னு இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. நான் சொன்னதெல்லாம் உங்களுக்கு இல்ல. கதவு விஷயத்துல உங்க மேல தப்பில்ல."

தட்டி முடித்து அச்செடுத்ததும் அக்கா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தம்மா வாங்கவில்லை.

"முத்திரை?"

"கடிதத்துக்கு முத்திரை வேண்டியதில்லம்மா," என்றாள் அக்கா. இருபத்தாறு வருஷப் பழக்கம் வாயில் தானாக வந்துவிட்டது.

"போடுங்க."

போட்டாள். பைண்டர் சம்சாரம் தாளைக் கையில் வாங்கி முத்திரையையும் மேலே இருந்த வரிகளையும் பார்த்தாள். அக்கா, பழையபடி, எது எங்கே வருகிறது என்று காட்ட விரலை நீட்டினாள். அந்தம்மா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"இருங்க," என்றாள். புருஷன் பக்கம் திரும்பி, "கீழ போய் ஜெராக்ஸ்காரரைக் கூட்டிட்டு வாங்க. அவர் படிச்சுச் சொல்லட்டும்," என்றாள்.

ஜெராக்ஸ் கடைக்காரர் மேலே வந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டி அர்த்தம் சொன்னார். மூன்று வாக்கியமும் இருந்தது. பிறகு அக்கா தன் தப்பை எழுதிக்கொடுத்த தாளையும் படிக்கச் சொன்னாள். அதையும் படித்தார், பாதியில் அக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு மிச்சத்தைக் குனிந்தபடியே சொல்லி முடித்தார். அதன் பிறகுதான் அந்தம்மா எல்லாத் தாளையும் மடித்து உறையில் போட்டுக்கொண்டு, புருஷன் தோளைப் பிடித்தபடி, ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.